வியர்த்தால் தானாக நிற்கிறது, துடைத்தால் தட்டினாலும் கேட்பதில்லை: இயர்பட் தொடுகைக் கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டு தானாக நின்றுவிடுகிறது. இயர்படைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினால், இப்போது எத்தனை முறை தட்டினாலும் அது கண்டுகொள்வதில்லை. இயர்பட் புதிதாக வாங்கியவர்கள் இதை இரண்டு தனித்தனிக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். முதலாவதற்கு வியர்வையைக் குறை சொல்லி, இரண்டாவதற்கு ‘சென்சார் போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்தான். அந்தக் காரணம் புரிந்துவிட்டால் எதைத் துடைக்க வேண்டும், எந்த வசதியை அணைக்க வேண்டும், இயர்பட்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபார்ம்வேரை எப்போது சந்தேகிக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே பிடிபடும். அதனால் கொஞ்சம் பொறுமையாக அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இயர்பட் உங்கள் விரலை எப்படி உணர்கிறது

பெரும்பாலான இயர்பட்களின் வெளிப்பக்கத்தில், பிளாஸ்டிக் ஓட்டுக்கு உட்புறமாக ஒரு சிறிய உலோகத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். நம் உடம்பில் உப்பும் நீரும் இருப்பதால் மின்சாரத்தின் பார்வையில் விரலும் ஒரு கடத்திதான். விரல் ஓட்டின்மேல் படும்போது தகடும் விரலும் சேர்ந்து ஒரு குட்டி மின்தேக்கி போல ஆகின்றன. அந்தத் தகட்டின் மின்தேக்கு அளவை உள்ளே இருக்கும் சிப் ஒரு நொடிக்குப் பல முறை அளந்துகொண்டே இருக்கிறது. விரல் பட்டதும் அளவு கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் ஒரு பிகோஃபாரட் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். மிக மிகச் சிறிய மாற்றம்.

இவ்வளவு சிறிய மாற்றத்தைக் கவனிக்க வேண்டுமானால், ‘விரல் படாதபோது எவ்வளவு இருக்கும்’ என்பது சிப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அடிப்படை அளவு என்று வைத்துக்கொள்வோம். வெப்பம், ஈரப்பதம், பேட்டரியின் நிலை எல்லாம் இந்த அளவை அசைக்கும் என்பதால், சிப் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. மெதுவாக மாறும் எதையும் சூழல் என்று எடுத்துக்கொண்டு அடிப்படை அளவை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளும். திடீரென்று மாறுவதை மட்டும் விரல் என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது வியர்வையைப் பாருங்கள். ஒரு பொருள் மின்தேக்கு அளவை எத்தனை மடங்கு கூட்டும் என்பதைக் காட்டும் ஒப்புமை விடுதிறன், பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 3. நீருக்கோ அது ஏறத்தாழ 80. அப்படியும் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு சொட்டு பெரிய தொந்தரவு செய்யாது. வியர்வை ஒரு படலமாகப் பரவி, ஓட்டின் விளிம்பைத் தாண்டிக் காதின் தோலைத் தொடும்போதுதான் சிக்கல். அந்தப் படலம் உப்பு கலந்த நீர், நல்ல கடத்தி. தகட்டின்மேல் பரவிய அது உங்கள் உடம்போடும் சேர்ந்துவிட்டால், சிப்பைப் பொறுத்தவரை அங்கே ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மழைத்தூறல் பட்டபோது ஒன்றும் ஆகாத அதே இயர்பட், ஓடும்போது மட்டும் தானாக வேலை செய்கிறது.

அந்தப் பொய் விரல் எடுக்கப்படாமலே வெகுநேரம் இருந்தால், பல சிப்கள் ‘இது விரலாக இருக்க முடியாது’ என்று முடிவு செய்து, ஈரத்தோடு இருக்கும் அந்த அளவையே புதிய அடிப்படையாக ஏற்றுக்கொள்ளும். அதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பிறகு நீங்கள் துடைக்கிறீர்கள். உண்மையான அளவு சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது, அடிப்படை மட்டும் மேலேயே நிற்கிறது. இப்போது உங்கள் விரல் கொண்டுவரும் சின்னக் கூடுதல் அந்த உயர்ந்த அடிப்படையை எட்டுவதே இல்லை. தட்டியது கேட்காமல் போவது இதனால்தான். அடிப்படை மெல்ல இறங்கி வந்ததும் தானாகச் சரியாகிவிடும். ‘கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நன்றாக இருக்கிறது’ என்று பலரும் சொல்வதன் பொருள் இதுதான்.

முதல் வேலை: உங்களுடையது எந்த வகை?

மேலே சொன்னது மின்தேக்கு வகைக்கு. எல்லா இயர்பட்டும் அப்படி இல்லை. 2016-இல் வந்த முதல் ஏர்பாட்ஸில் தொடுதகடே கிடையாது. இரண்டு முறை தட்டும்போது ஏற்படும் அதிர்வை அதன் முடுக்கமானிதான் உணர்ந்தது. 2019-இல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ, தண்டைக் கிள்ளும் அழுத்தத்தை உணரும் வகை. சாதாரண பொத்தான் வைத்த இயர்பட்களும் இருக்கின்றன. வகை தெரியாமல் துடைப்பதிலோ ரீசெட் செய்வதிலோ இறங்கினால் நேரம்தான் வீணாகும்.

கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் பேனா மூடி போதும். இயர்படைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிடுங்கள். காதில் மாட்டிய நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் காதுக்கு வெளியே இருக்கும்போது பல மாடல்கள் தொடுதலைக் கண்டுகொள்வதே இல்லை. முதலில் விரல் நுனியின் தசைப்பகுதியால், சத்தமே வராத அளவு மென்மையாகத் தொட்டு எடுங்கள். வேலை செய்தால் அது மின்தேக்கு வகை. செய்யவில்லை என்றால் பேனா மூடியால் தட்டிப் பாருங்கள். அதற்கு வேலை செய்தால் அதிர்வு வகை. இரண்டு விரலால் கிள்ளினால் மட்டும் வேலை செய்தால் அழுத்த வகை. ஒரு தொடுதல், இரு தொடுதல், நீண்ட தொடுதல் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில மாடல்களில் ஒற்றைத் தொடுதலுக்கு எந்த வேலையும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதிர்வு வகையில் வியர்வைக்குப் பெரிய பங்கு இல்லை. அதில் தவறு நடப்பது ஓட்டத்தின் குலுக்கலாலோ, தொப்பியின் விளிம்பு தட்டுவதாலோ, ரப்பர் முனை தளர்வாக இருந்து இயர்பட் ஆடுவதாலோதான். அழுத்த வகையிலும் வியர்வை அதிகம் குழப்புவதில்லை. ஆனால் விரல் வழுக்கி, கிள்ளும் அழுத்தம் சரியாகப் பதியாமல் போகும். இனி வருவது பெரும்பாலும் மின்தேக்கு வகைக்காரர்களுக்கு.

இரண்டாவது: நடந்தது என்ன என்று கவனியுங்கள்

தானாக இயங்கும்போது எரிச்சலில் உடனே கழற்றிவிடாமல், என்ன நடந்தது என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நடந்த செயலே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

குரல் உதவியாளர் தானாக வந்து நின்றாலோ, இரைச்சல் நீக்கும் முறை தானாக மாறினாலோ, அது நீண்ட தொடுதலின் வேலை. தகட்டின்மேல் ஏதோ ஒன்று விடாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று பொருள். வியர்வைப் படலம், ஈரமான முடிக்கற்றை, காதை மூடும் துணி, தலையணை ஆகியவை முதல் சந்தேகங்கள். அடுத்த பாட்டுக்குத் தாவினால் அது இரண்டு அல்லது மூன்று தொடுதலின் வேலை. முடியிலிருந்து சொட்டுவது, ஹெல்மெட் மாட்டும்போது உரசுவது, இயர்படைச் சரிசெய்யும்போது விரல் இரண்டு முறை படுவது போன்றவற்றைப் பாருங்கள்.

பாட்டு நிற்பதும் ஓடுவதும் மட்டுமே நடக்கிறது, வேறு எதுவும் நடப்பதில்லை என்றால் நிதானியுங்கள். அது தொடுதலே இல்லாமலும் இருக்கலாம். காதிலிருந்து கழற்றியதும் பாட்டை நிறுத்தும் வசதி பல இயர்பட்களில் உண்டு. அதற்கென்று உட்புறத்தில், காதுக் குழிக்குள் படும் பக்கத்தில், தனிச் சென்சார் இருக்கும். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தோலில் பட்டுத் திரும்புவதை அளக்கும் சிறிய கறுப்புச் சாளரம். அதன்மேல் காதழுக்கோ வியர்வையோ படிந்தால் ஒளி ஒழுங்காகத் திரும்பாது. இயர்பட் காதிலேயே இருக்க, ‘கழற்றிவிட்டார்கள்’ என்று நினைத்து அது பாட்டை நிறுத்திவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காதில் இல்லை என்று அது தவறாக நினைத்துவிட்டால் தொடுதலையும் சேர்த்து அணைத்துவிடும் மாடல்கள் இருக்கின்றன. அப்போது வெளிப்பக்கத்தை எவ்வளவு துடைத்தாலும் பயன் இருக்காது, அழுக்கு இருப்பது உட்பக்கத்தில். ‘தொடுதல் வேலை செய்யவே இல்லை’ என்ற புகாரோடு வருபவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அரை நிமிட வேலை அது.

தட்டினால் கேட்காத கோளாறுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தட்டும்போது இயர்பட்டுக்குள் சின்ன ‘டிக்’ அல்லது ‘பீப்’ ஒலி வருகிறதா? ஒலி வந்தும் பாட்டு நிற்கவில்லை என்றால் சென்சார் நன்றாக இருக்கிறது. கட்டளை ஃபோனில்தான் தொலைந்துபோகிறது. ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களோடு இணைந்திருக்கும் இயர்பட்டில், கட்டளை மடிக்கணினிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். மற்றதில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். ஒலியே வரவில்லை என்றால், உங்கள் மாடலில் அந்த ஒலி உண்டு என்பதை உறுதி செய்துகொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாவது: ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்

துடைப்பதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்கிறேன். காரணம் எளிது. துடைத்து, ரீசெட் செய்து, அப்டேட்டும் போட்டு எல்லாவற்றையும் ஒரே மாலையில் முடித்துவிட்டால், எது சரிசெய்தது என்பது தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

இயர்பட்டின் செயலியைத் திறந்து, தொடுதலை மட்டும் முழுதாக அணையுங்கள். காதில் இருப்பதை உணரும் வசதி அப்படியே இருக்கட்டும். வழக்கம்போல ஓடவோ உடற்பயிற்சி செய்யவோ போங்கள். பாட்டு அப்போதும் நின்றால் குற்றவாளி உட்பக்கச் சென்சார். நிற்கவில்லை என்றால் தொடுதகடு. அடுத்த நாள் இரண்டையும் மாற்றிப் போட்டு, அதாவது தொடுதலை இயக்கி, காது உணர்வை அணைத்து, உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அணைக்கும் வசதியே இல்லாத மாடல் என்றால், வலது இடது இரண்டில் எது தவறு செய்கிறது என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அழுக்கோ ஈரமோ உடைசலோ இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதுவும் காய்ந்திருக்கும்போதே தவறினால், அமைப்பிலோ ஃபார்ம்வேரிலோதான் தேட வேண்டும்.

என்னுடைய ஜோடியில் நடந்ததைச் சொல்கிறேன். ஓட ஆரம்பித்து ஏறத்தாழ இருபது நிமிடம் ஆனதும் வலது பக்கம் பாட்டை நிறுத்திவிடும். இடது பக்கமோ, காலையில் கேஸிலிருந்து எடுத்து மாட்டியதும் சிறிது நேரம் எந்தத் தட்டலையும் கேட்காது, பிறகு ஒழுங்காகிவிடும். தொடுதலை அணைத்துவிட்டு ஓடினேன். வலது பக்கம் அப்போதும் நிறுத்தியது. காது உணர்வை அணைத்து, தொடுதலை இயக்கி மறுநாள் ஓடினேன். நிற்கவில்லை, ஆனால் இருபத்தைந்தாவது நிமிடம் வாக்கில் குரல் உதவியாளர் வந்தது. ஆக வலது பக்கத்தில் ஒன்றல்ல, இரண்டு சிக்கல்.

வீட்டுக்கு வந்து ஃபோன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். நேராக வெளிச்சம் அடித்தால் எதுவும் தெரியவில்லை, சாய்த்தபோதுதான் தெரிந்தது. உட்பக்கக் கறுப்புச் சாளரத்தின் பாதியை மூடி, காய்ந்த பசை போல ஒரு பழுப்புப் படலம். வெளிப்பக்கத்தில், ஓட்டின் இரண்டு பாகங்களும் சேரும் பொருத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. அது காய்ந்த வியர்வை உப்பு.

இடது பக்கத்தில் அழுக்கே இல்லை. அங்கே தவறு என் கையில் இருந்தது. கேஸிலிருந்து எடுக்கும்போது அந்தப் பக்கத்தை மட்டும் தொடுதகட்டிலேயே விரல் வைத்துக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தேன். பல இயர்பட்கள் கேஸை விட்டு வெளியே வரும் அந்தக் கணத்தில்தான் அடிப்படை அளவைப் புதிதாக எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் விரல் மேலே இருந்தால், விரலோடு சேர்ந்த அளவே அடிப்படையாகிவிடும். பக்கவாட்டில் பிடித்து எடுக்கப் பழகிய நாளிலிருந்து இடது பக்கம் ஒரு முறைகூட அடம்பிடிக்கவில்லை.

நான்காவது: துடைக்கும் முறை

காய்ந்த உப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் துடைக்கும் வரிசை புரியும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பிக்கும். நேற்றைய ஓட்டத்தின் வியர்வை காய்ந்து இன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். காதோரத்துச் சூடும் ஈரமும் பட்ட சில நிமிடங்களில் அந்த உப்பு மறுபடி ஈரப்படலமாகிவிடும். இன்னும் வியர்க்கவே ஆரம்பிக்காதபோது இயர்பட் தானாக இயங்குவதற்கு இது ஒரு காரணம்.

உப்பு நீரில்தான் நன்றாகக் கரையும், ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. அதனால் எடுத்தவுடன் ஆல்கஹால் போட்டுத் துடைப்பது எண்ணெயை எடுத்துவிட்டு உப்பை விட்டுவைக்கும். முதலில் தண்ணீர், அடுத்தது ஆல்கஹால்.

இயர்பட்டை கேஸிலிருந்து வெளியே எடுத்து, ஃபோனின் ப்ளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். துடைக்கும்போது யாருக்காவது அழைப்பு போய்விடாமல் இருக்கும். ரப்பர் முனைகளைக் கழற்றித் தனியாக மிதமான சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். நூல் உதிராத மெல்லிய துணி ஒன்றின் முனையை வெறும் நீரில் நனைத்து, இறுகப் பிழியுங்கள். பிழிந்தால் ஒரு சொட்டுகூட வரக்கூடாது. அந்த முனையால் தொடுதகட்டையும், முக்கியமாக ஓட்டின் பொருத்தையும் ஒரே திசையில் இழுத்துத் துடையுங்கள். அழுக்குக் கோடு ஒலி வரும் வலையை நோக்கித் தள்ளப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்த பிறகு, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் ஓட்டின் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். தோலின் எண்ணெய் இதில்தான் போகும். ஒலி வரும் வலைமேலும் மைக் துளைமேலும் ஆல்கஹாலோ நீரோ படவே கூடாது. திரவத்தை நேரடியாக இயர்பட்மேல் தெளிக்கவும் கூடாது.

உட்பக்கச் சாளரத்துக்குக் காய்ந்த பஞ்சுக்குச்சி. பசை போல ஒட்டியிருந்தால் குச்சியின் நுனியை மட்டும் ஈரமாக்கி, அழுத்தாமல் வட்டமாகச் சுழற்றி, உடனே காய்ந்த குச்சியால் துடைத்துவிடுங்கள். ஊசியோ பல்குச்சியோ வேண்டாம். சாளரத்தில் விழும் கீறலும் ஒளியைச் சிதறடிக்கும், அதை மறுபடி சரிசெய்ய வழியில்லை.

சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளையும், கேஸுக்குள் இருக்கும் பின்களையும் காய்ந்த பஞ்சுக்குச்சியால் துடைக்க மறக்காதீர்கள். சார்ஜுக்கு மட்டும் இது தேவை என்று நினைக்க வேண்டாம். கேஸில் வைத்ததும் எடுத்ததும் இயர்பட்டுக்குத் தெரிவது பல மாடல்களில் இந்தப் புள்ளிகள் வழியாகத்தான். அவை அழுக்காக இருந்தால், எடுத்தது தெரியாமல் பழைய அடிப்படை அளவோடே அது ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியில் அரை மணி நேரமாவது திறந்த இடத்தில் ஆறவிடுங்கள். முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டாதீர்கள், உள்ளே இருக்கும் பசைக்கும் பேட்டரிக்கும் அது ஆகாது. வியர்வையோடு நேராக கேஸில் வைப்பது எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். உப்பு நீர் இருக்கும் புள்ளிகளில் சார்ஜ் மின்னழுத்தமும் சேர்ந்தால் உலோகம் வேகமாக அரிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தோன்றிவிட்டால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். நீர்காப்பு முத்திரை இதற்குப் பதில் ஆகாது. IPX4 என்பது நீர் தெறிப்பதைத் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது, அந்தச் சோதனையும் சாதாரண நீரில் நடப்பது. உப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

துடைத்து ஆறிய பிறகு அடிப்படை அளவைப் புதுப்பியுங்கள். கேஸில் வைத்து மூடி, பத்துப் பதினைந்து நொடி விட்டு, பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். காதில் மாட்டி, மூன்று எண்ணும்வரை தகட்டைத் தொடாமல் இருந்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். ஓட்டத்தின் நடுவில் துடைத்ததும் கேட்காமல் போகும் கோளாறுக்கும் இதே வைத்தியம்தான்.

இப்படித் துடைத்த பிறகு என் வலது பக்கம் பாட்டை நிறுத்துவது ஓய்ந்தது, காது உணர்வை மறுபடி இயக்கியும் வரவில்லை. குரல் உதவியாளர் மட்டும், வியர்வை ஓடும் நாட்களில் எப்போதாவது எட்டிப் பார்த்தது. அழுக்குக்கு அதில் பங்கில்லை, புதிய வியர்வையே நேராகச் செய்யும் வேலை அது. அதைத் துடைத்துத் தீர்க்க முடியாது என்பதால், வலது பக்கத்தின் நீண்ட தொடுதலுக்கு வேலை எதுவும் இல்லாமல் செயலியில் எடுத்துவிட்டேன். ஓட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இது: ஒற்றைத் தொடுதலையும் நீண்ட தொடுதலையும் காலி செய்துவிட்டு, இரட்டைத் தொடுதலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சீரான இடைவெளியில் இரண்டு முறை பட்டு எடுப்பதை வியர்வை அவ்வளவு எளிதாகப் போலி செய்யாது.

நீங்கள் தட்டும் விதத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். நகநுனியால் தட்டினால் மின்தேக்கு வகை உணராது, சதைப்பகுதி பட வேண்டும். இரண்டு தட்டலுக்கு நடுவில் விரலை ஓட்டிலிருந்து முழுதாக எடுக்க வேண்டும். படபடவென்று தட்டினால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், நிதானமாகத் தட்டினால் இரண்டு ஒற்றைத் தட்டலாகப் பிரிந்துவிடும். கையுறையும் மிகவும் வறண்ட விரலும் சமிக்ஞையைக் குறைக்கும். அழகுக்காக ஒட்டும் ஸ்டிக்கர் விரலுக்கும் தகட்டுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டும். ஒட்டியிருந்தால் முதலில் அதை உரித்துவிட்டுச் சோதியுங்கள்.

ஃபார்ம்வேரை எப்போது சந்தேகிப்பது

தொடுதல் எவ்வளவு கூடினால் விரல் என்று கொள்வது, பொய் விரலை எவ்வளவு நேரம் பொறுப்பது, இரண்டு தட்டலுக்கு இடையே எவ்வளவு காத்திருப்பது என்பதெல்லாம் ஃபார்ம்வேரில் எழுதப்பட்டவை. அதனால் ஓர் அப்டேட் இவற்றைத் திருத்தவும் முடியும், கெடுக்கவும் முடியும். ஆனால் ஃபார்ம்வேர் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடக்கும், காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் நடக்கும், பெரும்பாலும் ஓர் அப்டேட்டுக்கு அடுத்துத் தொடங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும், அதுவும் வியர்த்தால் மட்டும் என்றால் ஃபார்ம்வேரை விட்டுவிட்டுத் துணியை எடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு: அப்டேட் பாதியில் நின்று, வலதிலும் இடதிலும் வேறு வேறு பதிப்பு இருப்பது. செயலியில் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிப்பு எண் காட்டினால் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் அப்டேட்டை மறுபடி ஓடவிடுங்கள். இரண்டும் நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், ஃபோன் பக்கத்தில் இருக்க வேண்டும், கேஸின் மூடி திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்பதைச் செயலி சொல்வதுபோலச் செய்ய வேண்டும். அது முடியும்வரை இயர்பட்டை வெளியே எடுக்காதீர்கள். அப்டேட் முடிந்ததும் இரண்டையும் கேஸில் மூடிவைத்து எடுத்துச் சோதியுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ரீசெட். எந்தத் தொடுதலுக்கு என்ன வேலை என்பதை முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ரீசெட்டில் அது பெரும்பாலும் அழிந்துவிடும். பிறகு ஃபோனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து இயர்பட்டை நீக்கி, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து, புதிதாக இணையுங்கள். பட்டியலிலிருந்து நீக்காமல் ரீசெட் செய்தால், ஃபோன் பழைய இணைப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும். செயலியை நிறுவாமல், தொழிற்சாலை அமைப்பிலேயே முதலில் தட்டிப் பார்ப்பது நல்லது.

எங்கே நிறுத்திக்கொள்வது

சுத்தமாக இருக்கிறது, காய்ந்திருக்கிறது, மறுபக்கத்தின் அதே பதிப்பு இருக்கிறது, ரீசெட்டும் செய்தாகிவிட்டது, இருந்தும் ஒரு பக்கம் கேட்கவில்லை. அப்போது கடைசியாக ஒன்று செய்யுங்கள். ஓட்டின்மேல் விரலை வைத்து, சற்று அழுத்தியபடி தட்டிப் பாருங்கள். மென்மையாகத் தொட்டால் கேட்காமல், அழுத்தினால் மட்டும் கேட்டால், உள்தகடு ஓட்டிலிருந்து விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். கீழே விழுந்த இயர்பட்டில் இது நடக்கும். நடுவில் புகுந்த மெல்லிய காற்று இடைவெளியே விரலின் சமிக்ஞையை விழுங்கிவிடும், அழுத்தும்போது இடைவெளி மூடுவதால் கேட்கிறது. ஓட்டை நெம்பித் திறக்க வேண்டாம். பசையால் ஒட்டப்பட்டது அது, திறந்தால் நீர்காப்பும் உத்தரவாதமும் சேர்ந்து போய்விடும்.

சேவை மையத்துக்குக் கொண்டுபோகும்போது ‘டச் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம், காய்ந்திருக்கும்போதா நனைந்தபோதா, காது உணர்வை அணைத்தும் நடக்கிறதா, அழுத்தினால் கேட்கிறதா, இரண்டு பக்கத்தின் பதிப்பு எண் என்ன என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அங்கே மேசையில் வைத்துக் காய்ந்த விரலால் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று திருப்பித் தருவது, பெரும்பாலும் இந்த விவரங்கள் இல்லாதபோதுதான் நடக்கிறது.